போன் தொலைந்தது, 12 சொல் கையில் இருக்கிறது: வாலட்டைத் திரும்ப எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது "அண்ணா, போன் போயிருச்சு, கிரிப்டோ அதுக்குள்ள" என்று வருகிறார்கள். பெரும்பாலும் இணையத்தில் வேலை செய்து யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில் சம்பளம் வாங்கும் பிள்ளைகள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன்.

போனோட காசும் போயிருச்சா?

இல்லை. காசு போனுக்குள் இருந்ததே இல்லை. பிளாக்செயின் என்பது உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் இருக்கும் கணக்குப் புத்தகம்; உங்கள் காசு அதில் ஒரு முகவரிக்கு நேரே எழுதப்பட்ட தொகை. போனில் இருந்தது அந்த முகவரியைத் திறக்கும் சாவி. அந்தச் சாவியை மறுபடி உருவாக்கத் தேவையான எல்லாம் சீட் பிரேஸ் எனப்படும் அந்த 12 அல்லது 24 சொற்களுக்குள் இருக்கிறது. சொற்களும் அவற்றின் வரிசையும் சரியாக இருந்தால், வேறு எந்தப் போனிலும் அதே சாவி அப்படியே வரும்.

ஆனால் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்களுடையது சாவி உங்கள் கையில் இருக்கும் வாலட்டா, அல்லது பைனான்ஸ் போன்ற பரிமாற்றத் தளத்தின் கணக்கா? கணக்குத் தொடங்கும்போது 12 சொல் எதையும் எழுதச் சொல்லவில்லை, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்தான் கேட்டது என்றால், உங்கள் வழி வேறு. அந்த மின்னஞ்சலுக்குள் நுழைந்து தளத்திடமே மீட்டுக் கேட்க வேண்டும். இந்தப் பக்கம் உங்களுக்கு உதவாது.

அதே நம்பர்ல புது சிம் எடுத்துட்டேன். வாலட் தானா வந்துருமா?

வராது. வாலட்டுக்கும் சிம்முக்கும் தொடர்பே இல்லை. வாட்ஸ்அப் நம்பரை வைத்துத் திரும்பி வருவதைப் பார்த்துப் பழகியதால் வரும் எண்ணம் இது. ஆனாலும் சிம்மை எடுத்தது நல்லதுதான். மின்னஞ்சலும் வங்கிச் செயலியும் அந்த நம்பரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

வாலட்டின் பின் நம்பர் மறந்துவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு. பின் நம்பர் அந்தப் பழைய போனின் கதவுக்கு மட்டும்தான். புதுப் போனில் சொற்களைக் கொடுத்த பிறகு புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். சிலர் வாலட் தொடங்கும்போதே சொற்களை கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேமித்திருப்பார்கள். அவர்கள் அதே மின்னஞ்சலையும் அப்போது வைத்த கடவுச்சொல்லையும் கொண்டு அதே செயலியில் அந்த வழியாகவே முயல வேண்டும்.

தொலைஞ்ச போனை தூரத்திலிருந்தே அழிச்சிரவா?

அவசரப்படாதீர்கள். android.com/find அல்லது icloud.com/find போய் முதலில் பூட்டுங்கள். அழிப்பது அப்புறம்.

காரணம் இதுதான். தாளில் இருக்கும் 12 சொல் சரியானவை என்று இதுவரை நீங்கள் சோதித்திருக்கவே மாட்டீர்கள். நூற்றில் ஒருவர்கூட சோதிப்பதில்லை என்பது என் அனுபவம். தாளில் சரிசெய்ய முடியாத பிழை இருந்தால், அந்தப் போன் திரும்பக் கிடைப்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே வழி. அதை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைந்துபோகும். புதுப் போனில் வாலட் திறந்து, காசும் வேறு இடத்துக்குப் போன பிறகு தாராளமாக அழியுங்கள்.

திரைப்பூட்டே இல்லாத போன் என்றால் கதை வேறு. வாலட்டுக்கும் பின் இல்லையென்றால் எடுத்தவன் நேரே உள்ளே போவான். அப்போது இன்றிரவே வேலையை முடிக்க வேண்டும்.

சொற்களைப் போடுறதுக்கு முந்தி நான் என்ன தயார் பண்ணணும்?

உங்கள் பழைய முகவரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மீட்பு சரியாக நடந்ததா என்று சொல்லக்கூடியது இருப்புத் தொகை அல்ல, முகவரிதான். வாலட் பூச்சியம் காட்டினால் அதற்கு ஏழெட்டுக் காரணம் இருக்கலாம். முகவரி பொருந்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

போன் இல்லாமல் முகவரியை எங்கே தேடுவது? உங்களுக்குக் காசு அனுப்பியவரிடம் கேளுங்கள், அவருடைய அனுப்பிய பட்டியலில் இருக்கும். பரிமாற்றத் தளத்தில் இருந்து நீங்களே வாலட்டுக்கு எடுத்திருந்தால் அந்தத் தளத்தின் எடுப்பு வரலாற்றில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பழைய செய்தியிலும் கிடைக்கும். முகவரி வெளியே தெரிவதால் காசுக்கு ஆபத்தில்லை.

கிடைத்ததும் அதைப் பொதுக் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள். T என்று தொடங்கினால் அது டிரோன் என்ற வலையமைப்பு, tronscan.org. 0x என்றால் எதீரியம் வகை, etherscan.io. bc1, 3, 1 என்று தொடங்கினால் பிட்காயின், mempool.space. காசு இன்னும் அங்கேயே இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இருந்தால் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நிதானமாக வேலையைத் தொடங்கலாம்.

எந்தப் போன்ல போடலாம்? மச்சான்ட போன் இருக்கு.

மச்சானின் போன் வேண்டாம். மச்சான் மேல் சந்தேகம் இல்லை, அவர் போனில் என்னென்ன இறக்கி வைத்திருக்கிறார் என்பதில்தான் சந்தேகம். பழைய போன் ஒன்றை வாங்கினாலும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டு, பிளே ஸ்டோரில் இருந்து வாலட் செயலியை மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வருவதைத் தட்டாமல், வாலட்டின் சொந்த இணையதளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகப் போங்கள். அச்சு அசலாக அதே சின்னத்தோடு போலிகள் உலவுகின்றன.

இன்னொன்று, நம் பக்கத்தில் யாரும் யோசிக்காதது: தமிழில் தட்டச்சு செய்ய இறக்கிய விசைப்பலகைச் செயலி. அது நீங்கள் அடிக்கும் சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை பரிந்துரைக்கும். சில அவற்றை இணையத்துக்கும் அனுப்பும். சீட் பிரேஸ் அடிக்கும்போது போனோடு வந்த ஆங்கில விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள். தாளைப் படம் எடுக்காதீர்கள், கொமியூனிகேஷனில் கொடுத்து போட்டோ கொப்பி எடுக்கவும் வேண்டாம்.

பிறகு செயலியைத் திறந்தால் புது வாலட் தொடங்கவா, ஏற்கெனவே உள்ளதை மீட்கவா என்று கேட்கும். இரண்டாவதைத் தொட்டு, சொற்களைச் சின்ன எழுத்தில், வரிசையாக, இடையில் ஒரே இடைவெளி விட்டு அடியுங்கள். அவ்வளவுதான்.

செல்லாது என்று சொல்லுது. சொல் எல்லாம் சரியாத்தானே எழுதினேன்?

இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான வாலட்கள் BIP39 என்ற ஒரே பட்டியலைப் பயன்படுத்துகின்றன. அதில் இருப்பது 2048 ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொரு சொல்லும் முதல் 4 எழுத்திலேயே மற்றதிலிருந்து வேறுபடும்படி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே மழை ஒழுகித் தாளில் umbr மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது umbrella தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. வால் அழிந்த சொல்லை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

அடித்தது பட்டியலிலேயே இல்லாத சொல் என்றால் செயலி அந்தச் சொல்லையே சிவப்பில் காட்டும், அல்லது பரிந்துரை வராமல் நிற்கும். எது பிழை என்று அங்கேயே தெரிந்துவிடும். எல்லாச் சொல்லும் பட்டியலில் இருந்தும் மொத்தமாகச் செல்லாது என்றால் பிரச்சினை வேறு. கடைசிச் சொல்லின் ஒரு பகுதி, முன்னால் உள்ள எல்லாவற்றையும் சரிபார்க்கும் இலக்கம். ஒரு சொல் மாறினாலோ வரிசை குழம்பினாலோ அந்தக் கணக்கு இடிக்கும்.

வரிசை குழம்புவதற்கு அதிகம் பார்த்த காரணம், இரண்டு நிரலாக எழுதிய தாள். மேலிருந்து கீழே எழுதிவிட்டு, இப்போது இடமிருந்து வலமாக வாசிக்கிறார்கள். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சரிபார்ப்பு முழுக் காவல் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். 12 சொல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சொற்களைப் போட்டாலும் சராசரியாக 16-ல் ஒன்று செல்லும் என்று ஏற்றுக்கொள்ளப்படும். 24 சொல்லில் 256-ல் ஒன்று. செயலி ஏற்றுக்கொண்டது என்பதால் அது உங்கள் வாலட் ஆகிவிடாது.

நான் தமிழ் எழுத்துல எழுதி வச்சிருக்கேன். சிக்கலா?

சிக்கல்தான், ஆனால் தீர்க்கக்கூடியது. போன வருடம் தலவாக்கலைப் பக்கத் தோட்டத்துத் தம்பி ஒருவன் இதே கோலத்தில் வந்தான். நானுஓயா தாண்டி ரயில் மிதிபலகையில் நின்று வீடியோ எடுக்கும்போது போன் கைநழுவிப் பள்ளத்தில் போய்விட்டது. தாள் வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. திருடனுக்குப் புரியக்கூடாது என்று 12 சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான். இப்போது அவனுக்கே புரியவில்லை.

ஒன்பது சொல் சுலபமாக வந்தது. நாலாவது "கார்ட்", ஏழாவது "பீஸ்", பதினோராவது "ரைட்". தமிழில் க, ட, ப எல்லாம் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துத்தானே. பட்டியலைத் திறந்து பார்த்தால் கார்ட் என்பதற்கு card, cart, guard மூன்றும் இருக்கின்றன. பீஸ் என்றால் peace, piece. ரைட் என்றால் right, write, ride.

மூன்று, இரண்டு, மூன்று. பெருக்கினால் 18 வரிசை. வாலட் செயலியில் இத்தனை தடவைதான் முயலலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது, ஏனென்றால் அது யாரிடமும் கேட்கவில்லை, போனுக்குள்ளேயே கணக்குப் போடுகிறது. ஒரு தாளில் 18 கோடு போட்டு ஒவ்வொன்றாக அடித்தோம். சரியான ஒன்று நிச்சயம் செல்லும். மிச்சம் 17-ல் ஒன்று தற்செயலாகச் செல்லலாம் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

ஆறாவது முயற்சியில் வாலட் திறந்தது. இருப்பு பூச்சியம். அவன் முகம் செத்துவிட்டது. சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு முன்பு அனுப்பிய முகவரியை எடுத்து, திரையில் உள்ளதோடு முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்தோம். பொருந்தவில்லை. அது உலகில் யாருமே பயன்படுத்தாத வெறும் வாலட். அதை நீக்கிவிட்டுத் தொடர்ந்தோம். பதினாலாவதில் மறுபடி திறந்தது, முகவரி எழுத்துக்கு எழுத்து அதே. guard, peace, write.

பழைய முகவரி மட்டும் கையில் இல்லாவிட்டால் ஆறாவதிலேயே "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று அழுதுகொண்டு எழும்பிப் போயிருப்பான்.

ஒரு சொல் முழுசாவே இல்லைன்னா?

எந்த இடத்துச் சொல் என்று தெரிந்தால் 2048 முயற்சி, அதில் சுமார் 128 செல்லும். கையால் செய்வது பைத்தியக்கார வேலை. btcrecover என்று ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. இணையத்தைத் துண்டித்த கணினியில் அதை ஓட்டி, பழைய முகவரியையும் கொடுத்தால் அதுவே பொருந்துவதைக் கண்டுபிடிக்கும். இரண்டு சொல் இல்லையென்றால் சுமார் 42 இலட்சம் வரிசை. கணினிக்கு அதுவும் முடியும். மூன்று, நாலு என்று போனால் வீட்டுக் கணினியில் நம்பிக்கை வேகமாகக் கரைந்துவிடும். ஆறு சொல்தான் இருக்கிறது என்றால் யாராலும் முடியாது. முடியும் என்று சொல்பவனிடம் காசு கொடுக்காதீர்கள்.

வாலட் திறந்துருச்சு, ஆனா பூச்சியம் காட்டுது. யாரோ எடுத்துட்டாங்களா?

முகவரியைப் பாருங்கள்.

முகவரி பழையதுதான், இருப்பு மட்டும் இல்லை என்றால் tronscan அல்லது etherscan-இல் அதே முகவரியைப் போடுங்கள். அங்கே காசு தெரிந்தால் இது காட்சிப் பிரச்சினை மட்டுமே. புதிதாக மீட்ட செயலி எல்லா டோக்கனையும் தானாகக் காட்டாது; பட்டியலில் போய் அந்த டோக்கனையும் அந்த வலையமைப்பையும் இயக்கிவிட வேண்டும். அங்கேயே வெளியேறிய பதிவு இருந்தால், திகதியும் நேரமும் அதில் இருக்கும். போன் தொலைந்த பிறகா, முன்பா என்று பாருங்கள்.

முகவரியே வேறு என்றால், சொற்கள் சரியாக இருந்தும் வேறு கதவைத் திறந்திருக்கலாம். ஒரே சீட் பிரேஸில் இருந்து எண்ணற்ற முகவரிகள் வரும்; எந்த வழியில் போவது என்பதை வாலட்கள் வேறு வேறாகத் தேர்கின்றன. பிட்காயினில் இது கண்ணுக்கே தெரியும்:

```
m/44'/0'/0'   1...
m/49'/0'/0'   3...
m/84'/0'/0'   bc1q...
```

பழைய முகவரி 3-ல் தொடங்கி, புதுச் செயலி bc1q காட்டினால் அவ்வளவுதான் விஷயம். முன்பு பயன்படுத்திய அதே செயலியில் மீட்பதே சுலபமான மருந்து. அந்தச் செயலி இப்போது இல்லையென்றால் எலெக்ட்ரம் போன்ற ஒன்றில் சொற்களைக் கொடுக்கும்போது BIP39 என்ற தெரிவை இயக்கி, வழியை மேலே உள்ளபடி மாற்றுங்கள். எலெக்ட்ரமிலேயே பிறந்த 12 சொல் என்றால் அது வேறு முறை. அதை எலெக்ட்ரமில்தான் திறக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது கணக்கு என்று நீங்கள் பழைய வாலட்டில் சேர்த்திருந்தால் மீட்ட பிறகு முதலாவது மட்டும் நிற்கலாம். கணக்குச் சேர் என்பதை அழுத்தினால் மற்றவை அதே வரிசையில் வரும். ஆனால் தனிச்சாவி ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தால் அது இந்த 12 சொல்லுக்குள் இல்லை, வரவும் வராது. லெட்ஜர், டிரெசர் மாதிரிக் கருவி வைத்திருந்து கூடுதலாக ஒரு கடவுச்சொல் சேர்த்தவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. அதில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பிழை என்று சொல்லாது. அமைதியாக வேறொரு வெறும் வாலட்டைத் திறந்து காட்டும்.

டெலிகிராமில் ஒருத்தர் மீட்டுத் தாறேன்னு சொல்றார். கொடுக்கவா?

உங்களிடம் 12 சொல் இருக்கும்போது அவர் என்ன மீட்கப் போகிறார்? அவருக்குத் தேவை அந்த 12 சொல்தான். வாலட் நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு சொற்களைக் கேட்பவரும் அதே ஆள்தான். உண்மையான உதவிப் பிரிவு அதைக் கேட்காது.

காசு போய்விட்டால் முறையிட இடமும் குறைவு. போன் தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு போடலாம், போட வேண்டும். ஆனால் இந்த நாணயங்கள் சட்டபூர்வ நாணயம் அல்ல, தன் ஒழுங்குபடுத்தலுக்குள் வராதவை என்று மத்திய வங்கி 2018 முதல் பல தடவை எச்சரித்திருக்கிறது. வங்கி முகாமையாளரிடம் போய்க் கண்ணீர் விட்டும் பலனில்லை.

எல்லாம் கிடைச்சிருச்சு. இனிப் பழையபடி பாவிக்கலாமா?

பழைய 12 சொல்லோடு வேண்டாம். பழைய போனில் அதே சாவி இன்னும் இருக்கிறது. எடுத்தவன் இன்றைக்குத் திறக்காவிட்டாலும் ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம். புதிய சீட் பிரேஸோடு புது வாலட் ஒன்று தொடங்கி, காசு முழுவதையும் அங்கே அனுப்புங்கள். கடவுச்சொல் மாதிரி பழையதை மாற்றிக்கொள்ள முடியாது. இடம் மாறுவதுதான் வழி.

அனுப்பக் கட்டணம் வேண்டும், அதுவும் யுஎஸ்டிடியில் அல்ல. டிரோனில் TRX, எதீரியத்தில் ETH. தலவாக்கலைத் தம்பியிடம் 400-க்கு மேல் யுஎஸ்டிடி இருந்தது, TRX ஒன்றுகூட இல்லை. இதுவரை யுஎஸ்டிடி வாங்காத புது முகவரிக்கு அனுப்பினால் டிரோனில் கட்டணம் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். நண்பனிடம் 20 TRX வாங்கி, முதலில் 5 யுஎஸ்டிடி மட்டும் அனுப்பிப் பார்க்க நினைத்தான். நான்தான் தடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கட்டணம் போகும், கையில் இருப்பதோ ஒன்றிரண்டு தடவைக்குத்தான் காணும். முகவரியை நகலெடுத்து ஒட்டி, முதலும் கடைசியும் சரிபார்த்து, ஒரே அடியில் முழுவதையும் அனுப்பினோம்.

புதுச் சொற்களை எப்படி எழுதி வைக்கிறது?

ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, ஒரே நிரலாக. ஜெல் பேனா வேண்டாம். நுவரெலியா ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது, பென்சில் தாங்கும். லயத்துக் கூரை ஒழுகும் வீடுகளில் தாளை நம்பவே வேண்டாம். பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து ஆணியும் சுத்தியலும் வைத்து நீங்களே குத்துங்கள். முதல் 4 எழுத்துப் போதும், மூன்றெழுத்துச் சொல் என்றால் முழுவதும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அப்படியும் ஒருவர் செய்துவிட்டு வந்தார்.

குத்தி முடித்ததும், காசை மாற்றுவதற்கு முன்னால், புது வாலட்டைப் போனில் இருந்து நீக்கிவிட்டுத் தட்டைப் பார்த்து மட்டும் அடித்துத் திரும்ப எடுங்கள். அதே முகவரி வந்தால் அனுப்புங்கள்.